நமக்கு ஆளு இருக்கு தம்பி

வாசுதேவநல்லூர் பக்கம் உரக்கடை உரக்கடையாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதிக்குத் தவறாமல் கிடைப்பவை இரண்டு. ஒன்று டீ. இன்னொன்று, "நமக்கு ஆளு இருக்கு தம்பி, நல்லாத்தான் கொடுக்காரு" என்கிற பதில். பல கடைகளில் முதலாவதை வாங்கித் தருவதே இரண்டாவதைச் சொல்லத்தான். டீ வந்துவிட்டால் ஆர்டர் இல்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ரொம்பக் காலம் ஆனது. அதுவரை டீயை நல்ல சகுனமாக நினைத்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் விற்பது கரையும் உரம். தண்ணீரில் கலந்து இலையில் தெளிக்கலாம், சொட்டுநீரில் விடலாம். ஆல் 19 என்று கடைக்காரர்கள் சொல்லும் 19:19:19, காய் பெருக்க 13:0:45, பிறகு கால்சியம் நைட்ரேட். கம்பெனி சின்னது. என் எல்லை சிவகிரியில் தொடங்கி வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகக் கடையநல்லூர் வரை, கிழக்கே சங்கரன்கோவில். மலையடிவாரம் முழுக்க நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை என்று இருப்பதால் உரக்கடைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஏற்கெனவே ஓர் ஆள் இருப்பார், அதுதான் சிக்கல். நான் போய்ச் சேரும்போது எந்தக் கடையும் காலியாக உட்கார்ந்து என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

இந்தப் பதிலுக்கு நான் முதலில் கண்டுபிடித்த மறுமொழி விலை. எல்லாப் புதுப் பையன்களும் கண்டுபிடிப்பதுதான். எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர்; அண்ணாச்சி என்று மட்டும் சொல்கிறேன், பேர் வேண்டாம். "ஆளு இருக்கு" என்று அவர் சொன்னதும், "அண்ணாச்சி, நூத்துக்கு மூணு ரூபா குறைச்சுத் தாரேன், ரொக்கத்துக்கு" என்றேன். அவர் மறுக்கவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டார். பேனாவை எடுத்ததும் ஆர்டர் எழுதப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் எழுதியது கணக்கு. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை என்னிடம் ரொக்கத்துக்கு எடுத்தால் மூவாயிரம் மிச்சம். அவருடைய இப்போதைய ஆள் அறுபது நாள் தவணை தருகிறார். கடைத்தெருவில் பணம் புரட்டினால் ரெண்டு வட்டி, அதாவது நூறுக்கு மாதம் இரண்டு ரூபாய். லட்சத்துக்கு இரண்டு மாதம் நாலாயிரம். "நீ குறைச்சது மூணு. எனக்குச் செலவு நாலு. ஆயிரம் ரூபா கூடக் கொடுத்து உன்கிட்ட எதுக்குத் தம்பி வாங்கணும்?" அதோடும் விடவில்லை. அறுபது நாள் என்பது பேச்சுக்கு, நடப்பில் தொண்ணூறு நாள் வரை அந்த ஆள் வாய் திறப்பதில்லையாம். அப்படிப் பார்த்தால் ஆறாயிரம். விவசாயிக்குக் கடனில் போன மூட்டைக்கு அறுவடை முடிந்துதான் பணம் வரும். அதுவரை கடைக்காரரைத் தாங்கி நிற்பது அந்தத் தவணை. என் மூன்று சதவீதத்தை வாங்கி அதில் எங்கே வைப்பது?

என் கம்பெனியில் கடன் கிடையாது. அது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும், கடனில் மட்டுமே ஓடும் சரக்கை ரொக்கத்துக்கு விற்க நான் போராடிக்கொண்டிருந்தேன். இதற்குக் கம்பெனி எனக்குச் சம்பளமும் கொடுத்தது.

விலை எடுபடவில்லை என்றதும் தரத்துக்குத் தாவினேன். கடைக்காரர் வைத்திருக்கும் சரக்கு சரியாகக் கரையாது, என்னுடையது கற்கண்டாகக் கரையும் என்று ஒரு கடையில் வாய் விட்டுவிட்டேன். வாயோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர் கேட்டேன். கடையின் பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்து, அவருடைய ஆளின் ஆல் 19-ஐ ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். தண்ணீர் கலங்கியது. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்தது. மூட்டை எடுக்க வந்த விவசாயிகள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குள் மேடை ஏறிய உணர்வு. அடுத்த தம்ளரில் என்னுடையதைப் போட்டேன். அதுவும் கலங்கியது. வஞ்சனை இல்லாமல், அதே அளவு.

காரணம் இரண்டு உரத்திலும் இல்லை. அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் கூடியது. அதிலுள்ள கால்சியம் உரத்தின் பாஸ்பரஸோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவாக இறங்கும். யாருடைய சரக்கைப் போட்டாலும் இதுதான் நடக்கும். இதை எனக்கு விளக்கியவர், எட்டிப் பார்த்தவர்களில் ஒரு விவசாயி. "இதுக்குத்தான் நாங்க குளத்துத் தண்ணில கலக்குவோம், இது தெரியாதா உங்களுக்கு?" என்றார். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அன்றைக்கு டீகூட வரவில்லை.

சோதனை ஜெயித்திருந்தாலும் தோல்விதான் என்று இப்போது தெரிகிறது. ஒருவர் பல வருஷமாக வாங்கி, தன் ஊர்க்காரர்களுக்கே விற்ற சரக்கை, அந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே மட்டம் என்று நிரூபித்தால் நான் யாரை மட்டம் தட்டுகிறேன்? இல்லாத சப்ளையரையா, எதிரே இருக்கும் கடைக்காரரையா?

அடுத்தது பயிற்சி. திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் அறையில் ஏசி போட்டு எங்களை உட்காரவைத்து மேலாளர் பாடம் எடுத்தார். "வாடிக்கையாளர் திருப்தின்னு சொன்னா விடாதீங்க. பத்துக்கு எத்தனை மார்க்னு கேளுங்க. ஒன்பதுன்னு சொல்லுவார். அந்த ஒரு மார்க் எங்க குறையுதுன்னு கேளுங்க. அங்கதான் உங்க வாசல்." கேட்க அருமையாக இருந்தது. மறுநாளே அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, உங்க சப்ளையருக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"நான் என்ன வாத்தியாரா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"ஒம்பது."

மேலாளர் வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "அந்த ஒரு மார்க் எதுல குறையுது அண்ணாச்சி?"

"அவரு போன் போட்டுக்கிட்டே இருக்காரு, நீ உக்காந்து பேசிக்கிட்டே இருக்க. எடுக்க முடியல. அதுல."

மேலாளர் சொல்லித் தந்தது எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். அது கிடைக்கவில்லை. அதற்கு நேர்மாறாகச் சொல்லும் ஒருவர் கிடைத்தார். நீல் ராக்காம் என்ற இங்கிலாந்துக்காரர், விற்பவர்கள் வாடிக்கையாளரிடம் பேசும்போது கூட இருந்து கவனிக்க ஆட்களை அனுப்பி, பன்னிரண்டு வருஷத்தில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தார். 1988-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மறுப்புக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்வதில் பெரிய பலன் இல்லை என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. கெட்டிக்கார விற்பனையாளருக்கு மறுப்பே குறைவாகத்தான் வருகிறதாம், ஏனென்றால் எதிராளிக்கு என்ன தேவை என்று தெரிவதற்கு முன்னால் அவர் தன் சரக்கை எடுத்து நீட்டுவதில்லை. நானோ கடைப் படி ஏறும்போதே கேட்லாக்கை விரித்துக்கொண்டு ஏறுகிற ஜாதி. "ஆளு இருக்கு" என்ற பதிலைக் கடைக்காரர் வாயில் ஊட்டியதே நான்தான். ராக்காம் பார்த்தது பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்கு நடந்த பெரிய விற்பனைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஐப்பசி மாதம் ஓர் உரக்கடையில் வந்து நின்று பார்த்ததில்லை.

நான் நின்றேன். பிசான நடவு நேரம். அண்ணாச்சி கடை முன் விவசாயிகள் ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள்; விரல் ரேகை வைக்கும் கருவி வேலை செய்வதும் நிற்பதுமாக இருக்கிறது. எல்லோருக்கும் வேண்டியது யூரியா. 45 கிலோ மூட்டை, அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. அதில் கடைக்காரருக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் யூரியா இல்லாத கடைக்கு விவசாயி வரமாட்டார். யூரியாவுக்கு வந்தவர்தான் மருந்தும் நுண்ணூட்டமும் ஆல் 19-உம் வாங்கிக்கொண்டு போவார். தட்டுப்பாடு வரும்போது எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்று பிரித்துக் கொடுப்பவர் மொத்த வியாபாரி. அவரிடமே கரையும் உரமும் இருக்கிறது.

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யூரியா வேண்டுமானால் இன்னதையும் எடு என்று கட்டிவிடுவது கூடாது என்று அரசு அவ்வப்போது எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வப்போது எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்பதிலேயே மிச்சம் தெரிந்துவிடும். யாரும் வாய் திறந்து கட்டாயப்படுத்தாவிட்டாலும், வருஷம் முழுக்கத் தன்னிடம் எல்லாம் எடுக்கிற கடைக்கு லாரி முதலில் வரும் என்பதைக் கடைக்காரர்கள் அறிவார்கள். "நல்லாத்தான் கொடுக்காரு" என்று அண்ணாச்சி சொன்னது ஆல் 19-ஐப் பற்றி என்று நினைத்து நான் தம்ளரில் கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது யூரியாவைப் பற்றி. என்னிடம் யூரியா கிடையாது, என் கம்பெனி இருக்கும்வரை இருக்கப்போவதும் இல்லை. அப்படியானால் அந்த ஆளின் இடத்தில் நான் உட்காரவே முடியாது. நான் கேட்டுக்கொண்டிருந்ததோ அந்த இடத்தைத்தான்.

அன்று வரிசையில் எனக்கு வேலை இல்லை. சும்மா நின்றதால் ஒன்று கண்ணில் பட்டது. எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் கால்சியம் நைட்ரேட் ஒன்றரைக் கிலோ கேட்டார். அண்ணாச்சி 25 கிலோ மூட்டையைப் பிரித்து, அள்ளி, எடை போட்டுக் கொடுத்துவிட்டு மூட்டை வாயைச் சுருட்டி வைத்தார். சாயங்காலம் மழை. மறுநாள் போனபோது அந்த மூட்டைக்கு அடியில் ஈரம் கசிந்து நின்றது. கால்சியம் நைட்ரேட் அப்படித்தான். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து முதலில் கட்டி பிடிக்கும், பிறகு கூழாகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை நானே. ஐம்பது எலுமிச்சை மரம், மரத்துக்கு ஐந்து லிட்டர் தெளித்தால் 250 லிட்டர். லிட்டருக்கு ஐந்து கிராம் என்றால் ஒன்றேகால் கிலோ. சிறு தோட்டக்காரர் ஒரு தடவைக்குக் கேட்பது அவ்வளவுதான். மிச்சமிருக்கும் இருபத்து மூன்று கிலோச் சொச்சத்தை அடுத்த தோட்டக்காரர் வரும்வரை காப்பாற்றுவது கடைக்காரர் பாடு. பிரித்த மூட்டையில் அதிகாரி மாதிரி எடுத்துக் குறை வந்தால், கம்பெனி கையை விரித்துவிடும். மூட்டை தையலோடு இருந்தால்தான் அவர்கள் பொறுப்பு. என் பையில் ஒரு கிலோ பாக்கெட் இருந்தது. பல மாதமாக இருந்தது. லாபம் குறைவு என்று அதைக் கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், நான் கடைசிப் பக்கம் வரை போனதே இல்லை.

பாக்கெட் என்றால் ரொக்கம். விவசாயி ஒரு கிலோவைக் கடன் நோட்டில் எழுதச் சொல்வதில்லை, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒன்றிரண்டு வாரத்தில் பெட்டி காலியாகிப் பணம் திரும்பிவிடும் சரக்குக்கு அறுபது நாள் தவணை எதற்கு? நாள்காட்டித் தாளில் அண்ணாச்சி போட்ட வட்டிக் கணக்கு இங்கே என்னைத் தொடாது. யூரியா லாரிக்காரரின் கண்ணையும் உறுத்தாது, அவர் 25 கிலோ மூட்டையை விற்றுக்கொண்டே இருக்கலாம்.

அடுத்த முறை கேட்லாக்கை விரிக்கவில்லை. "அண்ணாச்சி, உங்க ஆளு ஆளாவே இருக்கட்டும். அந்தக் கால்சியம் மூட்டை எத்தனை கிலோ வீணாப் போச்சு?" என்று கேட்டேன். சப்ளையரைப் பற்றிக் கேட்கவில்லை, மூட்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அத ஏன் கேக்க. பாதி போச்சு." பாக்கெட்டை மேஜையில் வைத்தேன். அதைத் தூக்கிப் பார்த்து, ஒட்டுப் பார்த்து, விலை பார்த்து, "ஒரு பெட்டி போடு, பாப்போம்" என்றார். பேசியது அவ்வளவுதான். வெளியே வந்து வண்டியை உதைத்தேன், சாவி போடாமல்.

"ஓ ஃபார்ம் கொண்டாந்திருக்கியா?" என்று அவர் உள்ளிருந்து கேட்டது அப்போதுதான்.

கொண்டு வரவில்லை. இந்தத் தொழிலில் நுழைகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு கம்பெனியின் உரத்தைக் கடையில் வைத்து விற்க அந்தக் கம்பெனி தரும் 'ஓ' படிவம் வேண்டும். இந்தக் கடைக்கு இந்தச் சரக்கு நாங்கள் தருகிறோம் என்ற மூலச் சான்று அது. அதை வேளாண்மைத் துறையில் கொடுத்துக் கடை உரிமத்தில் சேர்த்த பிறகுதான் சரக்கு கடைக்குள் வரலாம். ஆக, புது ஆளிடம் ஒரு பெட்டி எடுப்பதற்கும் கடைக்காரருக்கு ஒரு விண்ணப்பம், ஓர் அலைச்சல், ஒரு காத்திருப்பு. பழைய ஆளிடம் ஒரு போன். "நமக்கு ஆளு இருக்கு" என்பதற்குள் இந்தக் காகிதச் சோம்பலும் இருக்கிறது, அதுவும் நியாயமான சோம்பல்தான்.

"சரக்க முதல்ல இறக்கிருதேன், ஃபார்ம் பின்னாலயே வரும் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. கம்பெனியிலிருந்து படிவம் வந்து சேர்ந்தபோது மழை விட்டு, தெளிப்பும் முடிந்திருந்தது. அந்தப் பருவம் போயிற்று. கையில் விழுந்த ஆர்டரைக் காகிதம் இல்லாமல் கோட்டைவிட்டேன். அன்றிலிருந்து கேட்லாக் இருந்த உறையில் படிவம் வைத்திருக்கிறேன்.

அடுத்த பருவத்தில் பெட்டி இறங்கியது, விற்றது, இன்னொன்று இறங்கியது. அங்கே நின்றிருக்கலாம். "அண்ணாச்சி, கால்சியம் நல்லாப் போகுதுல்லா, அப்படியே ஆல் 19-உம் நம்மகிட்டயே எடுத்திருங்களேன்" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இடத்தக் கொடுத்தா மடத்தப் பிடுங்குவானாம்." அந்த மாதம் பெட்டியும் இல்லை. இரண்டாம் ஆளாக ஒருவரை உள்ளே விடும்போது முதல் ஆளுக்குக் கடைக்காரர் மனதளவில் ஒரு சமாதானம் வைத்திருப்பார்: 'உங்ககிட்ட இல்லாத ஒண்ணுதான் அவன்கிட்ட எடுக்கேன்.' நான் அந்தச் சமாதானத்தைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். மறுபடி கால்சியம் பாக்கெட்டோடு மட்டும் போய் நின்று, அடங்கியவன் என்று காட்டிய பிறகே கணக்கு திரும்ப ஓடியது.

புளியங்குடிப் பக்கம் நடந்தது இன்னும் கேவலம். அங்கே ஒரு கடையில் என்னிடம் ஆள் இருக்கு என்று சொல்லவே இல்லை. நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, "எல்லாத்துக்கும் விலை எழுதிக் கொடுங்க, கம்பெனி லெட்டர்ல, வரியோட" என்றார்கள். எத்தனை வருஷத் தவத்துக்குக் கிடைத்த வரம்! மேலாளரிடம் கெஞ்சி அடிமட்ட விலை வாங்கி, அச்சடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்து போனபோது அவர்களுடைய பழைய ஆளின் சரக்கு அட்டம் வரை அடுக்கியிருந்தது. என் விலைத்தாளை அவரிடம் காட்டி, அதற்கும் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தார்கள். திருப்தியாக இருந்தவரை இன்னும் திருப்தியாக்கிவிட்டு வந்திருக்கிறேன், சம்பளம் என் கம்பெனியுடையது.

இதற்கு அடையாளம் உண்டு, அன்றைக்கு எனக்குக் கண் இல்லை. உண்மையில் வாங்க நினைக்கும் கடைக்காரர் விலைக்கு முன்னால் வேறு கேட்பார். லோடு என்றைக்கு வரும், கட்டி பிடித்தால் மாற்றித் தருவீர்களா, விற்காமல் கிடந்தால் திரும்ப எடுப்பீர்களா, ஓ ஃபார்ம் எத்தனை நாளில் வரும். பேரத்துக்கு என் தாளைக் கேட்பவருக்கு இதெல்லாம் வேண்டாம். விலை மட்டும், அதுவும் எழுத்தில். இப்போதெல்லாம் எழுத்தில் கேட்டால், "முதல்ல எந்தச் சரக்கு, எத்தனை பெட்டி, எப்ப வேணும்னு சொல்லுங்க, அதுக்கு மட்டும் எழுதுதேன்" என்கிறேன். பாதிப் பேர் அத்தோடு மின்விசிறியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கடை ஒன்றில் மட்டும் நான் ஒன்றும் முயலவில்லை. 2020-இல் ஊரடங்கில் லாரி சரியாக ஓடாமல், பழமும் காயும் தேங்கி, விவசாயி கையில் காசில்லாமல் கிடந்த மாதங்களில், அவருடைய சப்ளையர் பணம் கேட்காமல் லோடு அனுப்பிக்கொண்டே இருந்தாராம். பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "அந்த மனுசன விட்டுட்டு வேற ஆள்ட்ட வாங்குனா எனக்குச் சோறு இறங்காது" என்றார். பையைத் திறக்காமல் எழுந்தேன். என் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள்; மேலாளருக்கு அன்றைய அறிக்கையில் 'கடை பூட்டியிருந்தது' என்று எழுதினேன்.

இப்போது அண்ணாச்சி கடையில் கால்சியம் பாக்கெட்டுக்கு நான்தான் ஆள். ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது புதுக் கம்பெனிப் பையன் ஒருவன் வந்தான். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, கேட்லாக்கைப் படி ஏறும்போதே விரித்துக்கொண்டு. ஒரு கிலோ பாக்கெட்தான் அவனும் கொண்டு வந்திருந்தான்.

அண்ணாச்சி அவனுக்கு டீ சொன்னார். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "நமக்கு ஆளு இருக்கு தம்பி, நல்லாத்தான் கொடுக்காரு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதே நேரம் அடிவயிற்றில் ஒன்று உறுத்தியது. கட்டி பிடித்துப் போன ஒரு பெட்டியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மாதங்கள் ஆகியிருந்தன. கிடங்கில் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் மட்டும், "இப்ப வாங்குற பாக்கெட்ல கட்டி பிடிச்சது ஏதும் கிடக்கா அண்ணாச்சி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். அந்தப் பெட்டி அவன் காலடியில்தான் இருந்தது. அவன் கேட்கவில்லை. "நூத்துக்கு மூணு ரூபா குறைச்சுத் தாரேன்" என்றான்.

டீயை முடித்து அவன் போன பிறகு அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெட்டிய எப்ப மாத்தித் தருவ?"

"அடுத்த லோடுல கண்டிப்பா அண்ணாச்சி."

"போன லோடுக்கும் இதத்தான் சொன்ன" என்றவர், கடைப் பையனைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு டீ சொன்னார்.